முதல் திங்கட்கிழமை

பதவி உயர்வு ஆணை வெள்ளிக்கிழமை மாலை கோமதியின் கைக்கு வந்தது. கொக்கிரகுளத்தில் அதே அலுவலகம், அதே பிரிவு. இதுவரை யாருடன் ஒரே வரிசையில் அமர்ந்து குறிப்பு எழுதினாளோ, அவர்கள் எல்லோருடைய கோப்புகளும் திங்கட்கிழமை முதல் கண்காணிப்பாளராகிய அவளுடைய சுருக்கொப்பத்துடன்தான் மேலே செல்லும்.

அவர்களில் பகவதி அக்காவும் ஒருவர். பணியில் மூத்தவர். கோமதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்த நாளில், ஒரு கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது எப்படி, அலுவலர் கோபப்படாதபடி குறிப்பு எழுதுவது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர் அவர்தாம். துறைத் தேர்வில் கணக்குத் தாள் மட்டும் நின்றுபோனதால் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்பாக வந்து கோமதியின் கையைப் பிடித்து வாழ்த்தியவரும் அவரே.

ஞாயிற்றுக்கிழமை இரவு, பாளையங்கோட்டை வீட்டில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு கோமதி வெகுநேரம் நின்றாள். கட்டிலின் மேல் மாமியார் எடுத்து வைத்த அரக்குப் பட்டு கிடந்தது.

"மொத நாளு. பட்டு கெட்டிட்டுப் போட்டீ. நாலு பேரு பாக்கணும்லா?" என்றார் அவர்.

"அது கல்யாண வீட்டுக்கு ஆகும் அத்தை" என்றாள் கோமதி. அந்த நாலு பேரில் ஒருவர் பகவதி அக்கா என்பதை மாமியாரிடம் அவள் சொல்லவில்லை. ஒருவருக்குக் கிடைக்காமல் போன ஒன்றை, அவர் கண் முன்னால் சரிகையோடு கொண்டாடுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்து அவள் கை சென்றது வீரவநல்லூர்ச் செடிபுட்டாவுக்கு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலையைப் பகவதி அக்காதான் தம் சொந்த ஊர்த் தறிக்காரர் வீட்டில் சொல்லி வைத்து நெய்யச் செய்து, கோமதியின் பால்காய்ப்புக்குக் கொடுத்தார். முந்தியில் செடியும் பூவும் புட்டாவாக நெருங்கி நின்றன. அதை உடுத்திச் சென்றால் அக்கா மகிழ்வார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் திங்கட்கிழமை கண்காணிப்பாளர் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒவ்வொருவருடைய தன்பதிவேட்டையும் வாங்கி நிலுவையைப் பார்ப்பது. அக்காவின் பதிவேட்டில் பதில் போகாத கடிதங்கள் பல இருப்பதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து கோமதி நன்றாக அறிவாள். அவர் கொடுத்த சேலையை உடுத்திக்கொண்டு அந்தக் கணக்கைக் கேட்பது, கேட்பதற்கு முன்பே மன்னிப்புக் கோருவது போல் ஆகிவிடும். கேட்காமல் விட்டாலோ, அன்பைச் சொல்லி வேலையை மறைத்ததாகிவிடும். இரண்டும் அக்காவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்றே அவளுக்குப் பட்டது.

அவள் செடிபுட்டாவை மடித்து உள்ளே வைத்துவிட்டு, கோ-ஆப்டெக்ஸில் சம்பளத் தவணையில் வாங்கிய சாம்பல் நிறப் பருத்திச் சேலையை எடுத்தாள். மெல்லிய பச்சைக் கரை. தணிக்கைக்காரர்கள் வந்த நாள்களிலெல்லாம் அவள் உடுத்தியது அதுதான். கஞ்சி போட்டுத் தேய்த்திருந்ததால் கொசுவம் விரல் சொன்னபடி மடிந்து நின்றது. கைநீட்டிக் கோப்பு எடுக்கும்போது நழுவாதிருக்க, முந்தியைத் தோளில் ஒரே ஊக்கால் குத்திப் பார்த்தாள். பதினைந்து ஆண்டுகளாக இந்தப் பிரிவு பார்த்துப் பழகிய கோமதிதான் கண்ணாடியில் நின்றாள். அடையாள அட்டையில் மட்டும் பதவி மாறப் போகிறது.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பகவதி அக்கா வந்தார். புது இடத்தில் அமர்ந்திருந்தவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பட்டு கெட்டிட்டு வருவேன்னுல்லா நெனச்சேன்."

"இன்னைக்கு வேலை கெடக்குக்கா" என்றாள் கோமதி. பிறகு, குரலைத் தாழ்த்தாமலும் உயர்த்தாமலும், "உங்க தன்பதிவேட்டைக் கொஞ்சம் கொண்டு வாங்க" என்றாள்.

அக்காவின் முகம் ஒரு கணம் இறுகியது. அவர் தம் மேசைக்குச் சென்று, பதிவேட்டை எடுத்து வந்து, நின்றபடியே நீட்டினார். கோமதி எழுந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் தயங்கி உட்கார்ந்தார்.

பக்கத்தைப் புரட்டிய கோமதியின் விரல், பதில் பத்தி வெறுமையாக இருந்த முதல் வரியில் நின்றது.

"இது அம்பாசமுத்திரத்துல இருந்து வந்த ஓய்வூதிய மனுதானே? எங்க நிக்குது?"

"பணிப்பதிவேடு வரலை. ரெண்டு நினைவூட்டு போட்டாச்சு."

"மூணாவதை என் பேர்ல போடுவோம். வரைவு எழுதித் தாங்கக்கா, மத்தியானத்துக்குள்ள அனுப்பிரலாம். அடுத்தது?"

பகவதி அக்கா நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டு, அடுத்த வரியைப் படித்தார்.