ஸ்பான்சர் நிலைகள்: ஒருங்கிணைப்புக் குழுவின் ஒப்புதலுக்கு

கோவையில் நாம் நடத்தும் இரண்டு நாள் கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்கு 400 பேர் கணக்கு, மொத்தச் செலவு ₹10 லட்சம். ₹1,000 வீதம் 320 டிக்கெட் விற்றால் ₹3.2 லட்சம் வரும். மீதி ₹6.8 லட்சத்தை ஸ்பான்சர்கள் தர வேண்டும். விலைகள் இந்தத் தொகையை வைத்தே போடப்பட்டவை. ஜிஎஸ்டி இதில் சேராது.

பிளாட்டினம், ₹2,50,000, ஒன்று மட்டும்: நுழைவாயில் அருகே 10×8 அடி ஸ்டால், 10 பாஸ், தொடக்க விழாவில் 5 நிமிடம்.

கோல்டு, ₹1,25,000, இரண்டு: 6×6 அடி ஸ்டால், 5 பாஸ்.

சில்வர், ₹60,000, நான்கு: 2 பாஸ், பதிவு மேஜையில் துண்டறிக்கை. ஸ்டால் இல்லை.

ஆதரவாளர், ₹15,000: இணையதளத்தில் பெயர். எண்ணிக்கைக்கு வரம்பில்லை.

முதல் மூன்று நிலைகளும் நிரம்பினால் ₹7.4 லட்சம். ஒரு சில்வர் கைநழுவினாலும் சரியாக ₹6.8 லட்சம் நிற்கும். ஒரு கோல்டு விழுந்தாலும் ₹65,000 குறையும், பிளாட்டினம் விழுந்தால்தான் பெரிய சிக்கல். அதனால் முதல் அழைப்பு அதற்குத்தான்.

ஒரு பாஸுக்கு நமக்கு ஆகும் செலவு ₹1,150 (சாப்பாடு 900, டி-ஷர்ட் 250). தள்ளுபடி கேட்டால் விலையைக் குறைக்காதீர்கள், கீழ் நிலையைக் காட்டுங்கள். ஒருவருக்குக் குறைத்தது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. "சில்வருக்கு ஒரு சின்ன மேஜை மட்டும்" என்று போனில் ஒத்துக்கொள்வதும் அப்படித்தான்: காசு கொடுத்து ஸ்டால் எடுத்த கோல்டு ஸ்பான்சர் அன்றைக்கே கேட்பார்.

உரை நேரம் விற்பனைக்கு இல்லை. பிளாட்டினத்துக்குத் தரும் 5 நிமிடமும் நிகழ்ச்சி நிரலில் 'ஸ்பான்சர் நேரம்' என்றே அச்சாகும். பங்கேற்பாளர்களின் போன் எண், மின்னஞ்சல் பட்டியலை எந்த நிலைக்கும் தரமாட்டோம். விருப்பமுள்ளவர்கள் ஸ்டாலில் தாங்களே கொடுக்கட்டும்.

அதிகம் மனக்கசப்பு வருவது லோகோவில்தான். அகலத்தை வைத்து அளந்தால் நீளமான லோகோ சின்னதாகவும் சதுர லோகோ பூதாகரமாகவும் தெரியும். எனவே பரப்பளவே அளவு: பிளாட்டினம் 100 என்றால் கோல்டு 60, சில்வர் 35. மேடைப் பேனரில் மூன்று நிலைகளும் இடம்பெறும். டி-ஷர்ட் முதுகில் முதல் இரண்டு மட்டும், ஒரே வண்ணத்தில். ஒரே நிலைக்குள் வரிசை, பணம் வந்த தேதிப்படி. எஸ்விஜி அல்லது பிடிஎஃப் கோப்புதான் வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஜேபெக் 12 அடி பேனரில் கட்டம் கட்டமாக உடையும். தொகுப்பாளர் ஸ்பான்சர் பெயர்களை எழுதிக் கொடுத்ததைப் பார்த்தே வாசிக்க வேண்டும், உச்சரிப்பை முன்கூட்டியே கேட்டு வைத்து.

ஸ்டாலும் லோகோவும் கைமாறாகத் தருவதால் இது நன்கொடை ஆகாது. 80ஜி ரசீது கிடையாது என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுவோம். டிடிஎஸ் பிடித்தம் போகப் பணம் வரலாம், பொருளாளர் அதைக் கணக்கில் வைக்கவும்.

அச்சுக்கு 21 நாள் முன்பு லோகோவும் பாதித் தொகையும் வந்திருக்க வேண்டும். வராதவர்களின் பெயர் இணையதளத்திலும் திரையிலும் மட்டும் வரும்.