120 கி.மீ. என்ற விளம்பரத்தை நம்பி வாங்கிய மின் ஸ்கூட்டர்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிக்கை

அனுப்புநர்: இரா. முருகவேல், விழுப்புரம்
பெறுநர்: மேலாளர், மின் ஸ்கூட்டர் விற்பனை நிலையம், விழுப்புரம்
நகல்: தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
நாள்: 18.08.2025

ஐயா,

04.05.2025 ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் உங்கள் நிலையத்தின் பெயரோடு முழுப்பக்க விளம்பரம் வந்தது. "ஒரு சார்ஜில் 120 கி.மீ. உறுதி" என்று பாதிப் பக்கத்துக்குத் தமிழில் போட்டிருந்தீர்கள். நான் வேலை பார்ப்பது திண்டிவனத்தில். போக வர எழுபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 120 என்றால் இரவு வீட்டில் சார்ஜ் போட்டால் போதும் என்றுதான் மே 14 அன்று ரூ.1,24,800 கட்டி வண்டியை எடுத்தேன்.

வண்டி அறுபத்தைந்தைத் தாண்டுவதில்லை. ஈகோ மோடில், தனி ஆளாக, நாற்பது வேகத்தில் ஓட்டியும் இதே கதைதான். திரும்பி வரும்போது விக்கிரவாண்டி சுங்கச்சாவடியிலேயே திரையில் சிவப்பு விளக்கு வந்துவிடுகிறது. இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன்.

சர்வீஸுக்கு விட்டேன். பேட்டரியைச் சோதித்து, "கோளாறு இல்லை, வண்டி சரியாக இயங்குகிறது" என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதை நான் அப்படியே ஏற்கிறேன். எனவே பேட்டரியை மாற்றித் தாருங்கள் என்று கேட்கவில்லை. கோளாறு இல்லாத வண்டியே இவ்வளவுதான் ஓடும் என்றால், பொய்யாக இருப்பது விளம்பரம்.

"அது டெஸ்ட் கண்டிஷன் சார், கீழே போட்டிருக்கிறோமே" என்றார் உங்கள் விற்பனைப் பிரதிநிதி. பார்த்தேன். பக்கத்தின் அடியில், கடுகளவு எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், பொறுப்புத்துறப்பு வாசகம் விளம்பரம் செய்த அதே மொழியில், அதே எழுத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. பெரிதாகச் சொன்னதைச் சின்ன வரியால் மறுக்கவும் கூடாது. சோதனைக்கூடக் கணக்கு என்றால் "உறுதி" என்ற சொல்லைப் போட்டிருக்கவே கூடாது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் கடன் வாங்கிப் பணம் கட்டினேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(28)-இன்படி, பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பதும் பொய்யான உத்தரவாதம் தருவதும் தவறாக வழிநடத்தும் விளம்பரமே. ஆகவே வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பதிவு, காப்பீடு உட்பட நான் கட்டிய ரூ.1,24,800-ஐ முழுதாகத் திருப்பித் தர வேண்டும். கூப்பனோ இலவச சர்வீஸோ வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தாருங்கள். தவறினால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடர்வேன். விளம்பரத்தைப் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் தனியாகப் புகார் போகும்.

இணைப்பு: விளம்பரப் பக்கம், பில், ஜாப் கார்டு ஆகியவற்றின் நகல்கள், ஓடிய தூரமும் பேட்டரி அளவும் தெரியும் திரைப் படங்கள். அசல்கள் என்னிடம் உள்ளன.

இப்படிக்கு,
இரா. முருகவேல்