கேஷுவாலிட்டி போஸ்டிங்குக்கு முன் ஒரு பயிற்சித்தாள்

இறுதியாண்டு பி.எஸ்சி. நர்சிங் பிள்ளைகளுக்கு,

போன மாதத் தேர்வில் ‘கட்டுவிரியன் விஷம் எந்த வகை?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தேன். இரண்டு பேரைத் தவிர எல்லாரும் ‘நரம்பு நஞ்சு’ என்று சரியாகவே எழுதியிருந்தீர்கள். அதே வாரம் வார்டில் ஒரு பையனைக் காட்டி ‘என்ன பார்ப்பீர்கள்?’ என்றேன். ஒருத்தர்கூட அவன் கண்ணிமையைப் பார்க்கவில்லை. தப்பு உங்கள் பேரில் இல்லை, என் கேள்வியின் பேரில். ஆகவே அந்தக் கேள்வியை உடைத்துத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். பெரிதாக உதவாது. ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு மூன்று விடைகள் ‘சரிதானே’ என்று தோன்றும். அந்த நோயாளிக்கு, அந்த நிமிடத்துக்கு எது முதலில் என்பதுதான் கேள்வி. விடை கீழேயே இருக்கிறது, கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி 1

களக்காடு பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். விடியற்காலை நாலே முக்கால். 19 வயதுப் பையனைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவருகிறார்கள். அம்மா சொல்கிறார்: “ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டான் சிஸ்டர். களத்துல காவலுக்குப் படுத்திருந்தான். நாலு மணியிலேருந்து வயிறு வலிக்குன்னு உருளுதான். புரோட்டா ஒத்துக்கலயோ என்னவோ.” வயிறு மெத்தென்று இருக்கிறது. காய்ச்சல் இல்லை, வாந்தி ஒருமுறை. நாடி 96, பிபி 120/80. உடம்பில் கடிவாய் எதுவும் தெரியவில்லை. டாக்டரைக் கூப்பிட ஆள் போயிருக்கிறது. அவர் வருவதற்குள் நீங்கள் செய்யவேண்டியது எது?

அ) வயிற்றுவலிக்கு ஊசி போட்டு, அரை மணி நேரம் பார்ப்பது
ஆ) 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை, ரத்தம் உறைந்துவிட்டால் பாம்புக்கடி இல்லை என்று எழுதிவைப்பது
இ) இமை சரிகிறதா, கழுத்தைத் தூக்குகிறானா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறான் என்று பார்த்துக் குறித்து, அம்பு பேக்கையும் ஏஎஸ்வியையும் எடுத்து வைப்பது
ஈ) ஸ்கேனுக்கு எழுதி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அதே பைக்கில் அனுப்புவது

விடை: இ. 

‘ஆ’ போட்டவர்கள்தான் நிறையப் பேர் இருப்பீர்கள். அது படித்த பிள்ளைகள் விழும் குழி. உறைவுச் சோதனை கண்ணாடிவிரியனுக்குக் கைகொடுக்கும். கட்டுவிரியன் கடித்தவன் ரத்தம் ஒழுங்காக உறையும். சோதனையைச் செய்வது தப்பில்லை. அது ‘நார்மல்’ என்று வந்ததை வைத்துப் பாம்பைத் துரத்திவிடுவதுதான் தப்பு. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்தவனைக் கடிக்கும், பல நேரம் வலியே தெரியாது, வீக்கமும் இராது. தரைப் படுக்கை, விடியற்காலை, காரணம் தெரியாத வயிற்றுவலி: இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் பாம்புதான் ஞாபகம் வரும். புரோட்டா பாவம், எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது.

கேள்வி 1, தொடர்ச்சி

அதே பையன். டாக்டர் வந்து 10 குப்பி ஏஎஸ்வி ஏற்றியாகிவிட்டது. வந்தபோது ஒரே மூச்சில் 22 வரை எண்ணினான். இப்போது 9. இமை பாதி மூடியிருக்கிறது, எச்சில் வாயோரம் நிற்கிறது. ஆக்சிஜன் அளவு 97. கூட வந்த மாமா, “தூங்குதான், எழுப்பாதீங்க” என்கிறார்.

அ) 97 இருக்கிறது, அரை மணிக்கு ஒருமுறை பார்த்தால் போதும்
ஆ) ஏஎஸ்வி வேலைசெய்ய நேரம் ஆகும், அதுவரை தூங்கவிடுவது
இ) முகத்தில் தண்ணீர் தெளித்து, காப்பி கொடுத்து விழிக்கவைப்பது
ஈ) ஒருக்களித்துப் படுக்கவைத்து, எச்சிலை உறிஞ்சி எடுத்து, டாக்டரை உடனே கூப்பிட்டு, மூச்சுக்குழாய் போடவும் பேக் அழுத்தவும் எல்லாவற்றையும் தயாராக வைப்பது

விடை: ஈ. 

மூச்சுத் தசை தளர்கிறது. ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் விழும். அது விழுந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. நரம்பு முனையில் ஏற்கெனவே ஒட்டிய கட்டுவிரியன் நஞ்சை ஏஎஸ்வி பிரித்து எடுக்காது. இவனைக் காப்பாற்றப்போவது மூச்சுக் கொடுக்கும் கைதான். 108இல் ஏற்றினாலும் வழி முழுக்க ஒருவர் பேக்கோடு தலைமாட்டில் உட்காரவேண்டும். இ-யைப் பற்றி ஒன்று: விழுங்கமுடியாதவன் வாயில் காப்பி ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும்.

கேள்வி 2

சேரன்மகாதேவியிலிருந்து 68 வயதுப் பெரியவர். காலையில் எழுந்ததிலிருந்து பேச்சு குழறுகிறது, வலது கை தூக்கவரவில்லை, சட்டை நனைய வேர்த்திருக்கிறது. மகன்: “பக்கவாதம்தான் சிஸ்டர், எங்க தாத்தாவுக்கும் இப்படித்தான் வந்துது. ரெண்டு நாளா அப்பாவுக்கு வயித்தால போகுது, கஞ்சிகூட இறங்கல. சுகர் மாத்திரைய மட்டும் ஒரு வேளகூட விடல.” பிபி 160/90. முதலில்?

அ) சிடி ஸ்கேனுக்கு அனுப்புவது
ஆ) குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்ப்பது
இ) பிபியைக் குறைக்க மாத்திரை
ஈ) வயிற்றுப்போக்குக்கு உப்புக் கரைசல் குடிக்கவைப்பது

விடை: ஆ. 

இது சுலபம். ஆனால் நான் படித்து முடித்த புதிதில், வேலைபார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் இதேபோல ஒருவரை நேரே ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் யாரோ விரலில் குத்தினார்கள். சர்க்கரை 31. தள்ளுவண்டியைப் பிடித்திருந்தது நான்தான்.

கேள்வி 2, தொடர்ச்சி

இவருக்குச் சர்க்கரை 34. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கையும் வந்துவிட்டது. இப்போது 142. மாத்திரைச் சீட்டில் கிளிபென்கிளமைடு என்றிருக்கிறது. மகன்: “அதான் சரியாயிட்டாவல்லா, காப்பி கேக்காவ. கூட்டிட்டுப் போறேன். அங்க மாடு கட்டினபடி கிடக்கு.”

அ) இட்லி சாப்பிடவைத்து, மறுபடி ஒருமுறை சர்க்கரை பார்த்து, நூறுக்கு மேல் இருந்தால் அனுப்புவது
ஆ) 142 கொஞ்சம் கூடுதல்தான், இன்றைய மாத்திரையைப் போடச் சொல்லி அனுப்புவது
இ) மாத்திரையை நிறுத்தி, சேர்த்துப் படுக்கவைத்து, ராத்திரி முழுக்கச் சர்க்கரையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, மகனிடம் காரணத்தைச் சொல்வது
ஈ) கையில் சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, மயக்கம் வந்தால் வாயில் போடச் சொல்வது

விடை: இ. 

இங்கே எல்லாமே மாத்திரைச் சீட்டில் இருக்கிறது. கிளிபென்கிளமைடு உடம்பில் நீண்ட நேரம் நின்று இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் சிறுநீரகம் சுணங்கியிருந்தால் இன்னும் நீளும். நாம் ஏற்றிய டெக்ஸ்ட்ரோஸ் சீக்கிரம் தீர்ந்துபோகும், மாத்திரை தீராது. ராத்திரி வீட்டில் எல்லாரும் தூங்கும்போது மறுபடி இறங்கும். ‘அ’ பார்க்க ரொம்ப நியாயமாகத் தெரியும், அதனால்தான் அதை முதலில் வைத்தேன்.

இப்போது ஒரு வரியை மாற்றுங்கள். இவர் மாத்திரை போடுகிறவர் இல்லை, குறுகிய நேரம் வேலைசெய்யும் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்தவர், வயிற்றுப்போக்கும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டபின் சில மணி நேரம் சர்க்கரை நிலையாக நின்றால், டாக்டர் பார்த்து அன்றே அனுப்பலாம். 142 என்ற எண் அதேதான்.

மகனிடம் எப்படிச் சொல்வது என்பதும் விடையில் சேர்த்திதான். “மாட்டை யாராவது அவுத்துக் கட்டச் சொல்லுங்க தம்பி. மாத்திரை இன்னும் உள்ள கிடக்கு, ராத்திரி திரும்ப இறங்கும்.” இவ்வளவு போதும், பெரும்பாலும் கேட்பார்கள்.

கேள்வி 3

குழந்தைகள் வார்டு, மழைக்காலம், டெங்கு. ராத்திரி டியூட்டிக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள். நாலு கட்டிலிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். முதலில் எங்கே போவீர்கள்?

அ) கட்டில் 3: பிளேட்லெட் 38,000. உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறான், சிறுநீர் நன்றாகப் போகிறது, பிசிவி நேற்றைப் போலவே. அப்பா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிறார்
ஆ) கட்டில் 5: காய்ச்சல் 103, உடம்புவலி என்று கத்துகிறாள்
இ) கட்டில் 7: பிளேட்லெட் 96,000. காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. மூன்று முறை வாந்தி, வயிறு வலி, கை சில்லென்று இருக்கிறது. பிபி 94/78. பிசிவி 36இலிருந்து 44. அம்மா: “காச்சல் விட்டுட்டு சிஸ்டர், சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன்”
ஈ) கட்டில் 9: ட்ரிப் தீர்ந்துவிட்டது

விடை: இ. 

சத்தம் வந்த கட்டிலுக்கு ஓடுவது மனித இயல்பு. டெங்குவில் காய்ச்சல் விடும்போதுதான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிற ஆபத்துக் கட்டம் தொடங்கும். 94க்கும் 78க்கும் இடைவெளி 16தான். 20க்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பிசிவி ஏறுவதும் அதையே சொல்கிறது. கட்டில் 3இன் அப்பாவுக்குப் போகிற வழியில் தோளில் ஒரு கை வையுங்கள், அதற்கு மேல் இப்போது நேரமில்லை.

கேள்வி 4

திசையன்விளைப் பக்கம் பனையேறி, 52 வயது. மனைவி: “மரத்துலேருந்து இறங்கும்போதே நெஞ்சக் கரிக்குன்னாவ. சோடா வாங்கிக் குடுத்தேன், கேக்கல.” வேர்வை. நாடி 54, பிபி 88/60. இசிஜியில் II, III, aVF மூன்றிலும் ST மேலே போயிருக்கிறது. டாக்டர் பக்கத்து அறையில் இன்னொரு நோயாளியோடு இருக்கிறார். பயிற்சி மாணவி நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை எடுத்துவிட்டாள். நீங்கள்?

அ) ‘நெஞ்சுவலிக்கு அதுதானே’ என்று வைக்கச் சொல்வது
ஆ) அவள் கையை நிறுத்தி, டாக்டரை அழைத்து, வலப்பக்க இசிஜியும் எடுத்து, ஊசிவழி போட்டு, ஆஸ்பிரின் மெல்லக்கொடுக்கக் கேட்பது
இ) ட்ரோபோனின் முடிவு வரும்வரை காத்திருப்பது
ஈ) வாய்வு ஊசி

விடை: ஆ. 

கீழ்ச்சுவர் மாரடைப்பில் வலது இதய அறையும் அடிபட்டிருக்கலாம். அப்போது சார்பிட்ரேட் கொடுத்தால் பிபி அப்படியே சரிந்துவிடும். இங்கே பிபி முதலிலேயே 88. சோடா வாங்கிக் கொடுத்ததற்காக அந்த அம்மாவைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

கேள்வி 5

பேறுகால வார்டு. கடும் ரத்த அழுத்தத்தில் வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் போகிற தாய். நாலு மணி நேர ஊசி இப்போது. முழங்கால் துடிப்பு இருக்கிறது, மூச்சு 18. நாலு மணி நேரத்தில் பையில் சிறுநீர் 60 மில்லி.

அ) துடிப்பும் மூச்சும் சரி, ஊசியைப் போடுவது
ஆ) பாதி அளவு போடுவது
இ) கால்சியம் குளுக்கோனேட்டை உடனே ஏற்றுவது
ஈ) குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பார்த்து, ஊசியை நிறுத்திவைத்து, டாக்டரிடம் சொல்வது

விடை: ஈ. 

மெக்னீசியம் வெளியேறும் வழி சிறுநீர்தான். 100 மில்லியாவது இருந்தால்தான் அடுத்த ஊசி. இ-யில் இருப்பது மாற்றுமருந்து. துடிப்பு போய் மூச்சு குறைந்திருந்தால் அதுவே சரியான விடை, இன்று இல்லை. குழாயைப் பார்க்காமலே டாக்டருக்குப் போன் போட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி “குழாய் ஓடுதா?” என்பதாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை வரும்போது ஆளுக்கு ஒரு கேள்வி எழுதிவாருங்கள். போஸ்டிங்கில் நீங்களே பார்த்த நோயாளியாக இருக்கவேண்டும், பெயரும் ஊரும் மாற்றியிருக்கவேண்டும். கடைசியில் ஒரு வரியை மாற்றி, விடையும் மாறும்படி இரண்டாவது கேள்வி. விடை மாறவில்லை என்றால் அந்தக் கேள்வியைத் திருப்பித் தருவேன்.