ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடம்: அதிர்வும் ஒலியும்

காலையில் தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். குழாயின் கீழே குடத்தை வைத்துவிட்டு, உங்கள் ஆயா திண்ணையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார். குடத்தை அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் தண்ணீர் குடத்தின் கழுத்தை எட்டும் அந்த நொடியில், "கண்ணு, கொடம் ரொம்பிப்போச்சு, கொழாய மூடு" என்று குரல் கொடுக்கிறார். பாலாற்றங்கரை ஊர்களில் தண்ணீரைச் சிந்தவிட யாருக்கும் மனம் வராது. ஆகவே அந்தக் காது பழகியிருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் காதுக்குக் குடம் சொன்ன செய்திதான் என்ன? இந்தப் பாடத்தின் முடிவில் அதற்கான விடையை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முதலில் தொண்டையிலிருந்து தொடங்குவோம். இரண்டு விரல்களைத் தொண்டையின் மீது மெல்ல வைத்துக்கொண்டு, வாயை மூடி "ம்ம்ம்" என்று நீட்டிச் சொல்லுங்கள். விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு தெரியும். இப்போது பக்கத்தில் இருப்பவரின் காதில் இரகசியம் சொல்வதுபோல, குரலே எழுப்பாமல் மூச்சால் மட்டும் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அந்தக் குறுகுறுப்பு இராது. ஒரு பொருள் முன்னும் பின்னுமாக விரைந்து அசைவதை அதிர்வு என்கிறோம். குரல் எழும்போது தொண்டைக்குள் இருக்கும் குரல்நாண்கள் அதிர்கின்றன. பொருள்கள் அதிர்வதால்தான் ஒலி பிறக்கிறது. அதிர்வு நின்றால் ஒலியும் நின்றுவிடும். கோயில் மணியை அடித்தவுடன் உள்ளங்கையால் அதைப் பிடித்துப் பாருங்கள், அந்த நொடியே அது வாயடைத்துப் போகும்.

இனி ரப்பர் வளையத்துக்கு வருவோம். ஜியோமெட்ரி பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அடிப்பெட்டியின் குறுக்கே ஒரு ரப்பர் வளையத்தை மாட்டுங்கள். பூக்கட்டு வாங்கும்போதும் காய்கறிக் கட்டிலும் வரும் வளையமே போதும். முகத்தை அருகில் கொண்டுபோகாமல், வளையத்தின் நடுப்பகுதியை விரலால் சுண்டுங்கள். ஒலி கேட்கும்போதே வளையத்தைக் கூர்ந்து கவனியுங்கள்: ஒற்றைக் கோடாக இருந்தது நடுவில் அகன்று, மங்கலான பட்டைபோலத் தெரியும். ஒலி தேயத் தேய அந்தப் பட்டையும் குறுகி, மீண்டும் கோடாகிவிடும். கண் காண்பதும் காது கேட்பதும் ஒன்றே என்பதை உணர இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

முதலில் மெதுவாகவும் பிறகு பலமாகவும் சுண்டிப் பாருங்கள். பலமாகச் சுண்டினால் பட்டை அதிகமாக அகலும், ஒலியும் உரத்துக் கேட்கும். ஆனால் அது கீச்சென்று மாறுவதில்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். உரத்த ஒலி வேறு, கீச்சொலி வேறு. கொசு மெல்லத்தான் பாடுகிறது, ஆனாலும் அதன் குரல் கீச்சு. எருமை உரக்கக் கத்துகிறது, ஆனாலும் அதன் குரல் கட்டை. அதிர்வு எவ்வளவு அகலமானதோ அவ்வளவு உரமாக ஒலி கேட்கும். ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறதோ அதைப் பொறுத்து ஒலி கீச்சாகவோ கட்டையாகவோ அமையும். இந்த எண்ணிக்கைக்கு அதிர்வெண் என்று பெயர்; கீச்சா கட்டையா என்னும் தன்மையைச் சுருதி என்கிறோம்.

சுருதியை மாற்ற என்ன செய்யலாம்? பெரும்பாலானோர், "வளையத்தை இன்னும் நீளமாக இழுத்தால் கீச்சாகும்" என்று உடனே சொல்வார்கள். சொல்வதற்கு முன் செய்து பாருங்கள். வளையத்தை இரு கைகளின் பெருவிரல்களில் மாட்டி, நண்பரைச் சுண்டச் சொல்லிக்கொண்டே கைகளை மெல்ல அகற்றுங்கள். ஓரளவு இழுத்த பிறகு எவ்வளவு அகற்றினாலும் சுருதி பெரிதாக ஏறாததைக் கேட்டு நீங்கள் திகைப்பீர்கள். காரணம் இதுதான்: இழுக்கும்போது வளையத்தின் விறைப்பு கூடுகிறது, அது சுருதியை ஏற்றப் பார்க்கிறது, அதே நேரத்தில் அதிரும் பகுதியின் நீளமும் கூடுகிறது, அது சுருதியை இறக்கப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிடுகின்றன. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மறுபடியும் வளையத்தைப் பெட்டியில் மாட்டி, பெட்டியின் பக்கவாட்டில் தொங்கும் பகுதியை ஒரு விரலால் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேல்பகுதியைச் சுண்டுங்கள். மேலே அதிரும் நீளம் மாறவில்லை, விறைப்பு மட்டும் கூடியிருக்கிறது. இப்போது சுருதி தெளிவாக ஏறும்.

கூத்து நடக்கும் இரவிலோ அம்மன் திருவிழாவிலோ, பறையடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தி அந்த அனலில் பறையைக் காட்டிக் காட்டி எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பனியில் ஈரம் ஏறித் தளர்ந்த தோல், சூட்டில் உலர்ந்து இறுகுகிறது. தளர்ந்த தோல் தொப்பென்று ஒலிக்கும். இறுகிய தோல் கணீரென்று எழும். ரப்பர் வளையத்தில் உங்கள் விரல் செய்த வேலையைத்தான் அங்கே நெருப்பு செய்கிறது.

அடுத்து அளவுகோல். முப்பது சென்டிமீட்டர் எஃகு அளவுகோலை மேசை விளிம்பில் வைத்து, இருபத்தைந்து சென்டிமீட்டர் வெளியே நீண்டிருக்கும்படி, மேசைமீது இருக்கும் பகுதியை ஒரு கையால் அழுத்திப் பிடியுங்கள். விளிம்பை ஒட்டியே அழுத்த வேண்டும். பிடி தளர்ந்தால் அளவுகோல் மேசையில் பட்டுத் தடதடவென்று அடிக்கும், அந்தச் சத்தத்தையே அளவுகோலின் ஒலி என்று எண்ணி ஏமாந்துவிடுவோம். நுனியைக் கீழே அழுத்தி விடுங்கள். அது மேலும் கீழும் ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் காதுக்கு ஏறக்குறைய ஒன்றும் கேட்பதில்லை. அதிர்வுதான் ஒலி என்றால், இந்த அதிர்வு ஏன் கேட்கவில்லை? மனிதக் காது நொடிக்கு ஏறக்குறைய 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். நீளமாக நீண்டிருக்கும் அளவுகோல் அந்த 20-ஐ எட்டவில்லை. இனி இருபது, பதினைந்து, பத்து, ஐந்து சென்டிமீட்டர் என்று வெளியே நீளும் பகுதியைக் குறைத்துக்கொண்டே போங்கள். முதலில் ஒரு முனகல் தோன்றும்; பிறகு அது கட்டைக் குரலாகும்; கடைசியில் கண்ணால் பின்தொடர முடியாத வேகத்தில் 'ட்ரிங்' என்னும் கீச்சொலியாகும். கண் கைவிடும் இடத்தில் காது பிடித்துக்கொள்கிறது.

ஒரே அளவுகோலில் நீண்டிருக்கும் பகுதியைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரு மடங்கு அல்ல, ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. இருபதிலிருந்து பத்துக்கு வரும்போது சுருதி அவ்வளவு பெரிதாகத் தாவுவது இதனால்தான்.

அதிர்வு பொருளில் இருக்கிறது, காது தொலைவில் இருக்கிறது. இடையில் காற்று அந்த அதிர்வைக் கைமாற்றிக் கொண்டுவருகிறது. நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் அது வந்து சேர்கிறது. திடப்பொருள்களும் கடத்தும்: மேசையில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு, மறுமுனையை நண்பர் நகத்தால் சுரண்டுவதைக் கேளுங்கள்.

இப்போது பாடத்தின் மிகச் சுவையான பகுதி. இதற்கு ஒரே அளவான ஐந்து கண்ணாடி பாட்டில்கள் வேண்டும். நன்னாரி சர்பத் பாட்டில்கள் நன்றாகப் பொருந்தும். அளவு மாறினால் சோதனை குழம்பிவிடும். தரையில் ஒரு கோணியை விரித்து அதன்மீது வரிசையாக வையுங்கள். முதல் பாட்டிலைக் காலியாக விட்டு, அடுத்தடுத்தவற்றில் கால், அரை, முக்கால் அளவுக்கும், கடைசியில் கழுத்தின் அடி வரைக்கும் நீர் ஊற்றுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒரு பென்சிலால் ஒவ்வொரு பாட்டிலின் பக்கத்திலும் மெல்லத் தட்டுங்கள். ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும்.

காலி பாட்டில் கீச்சாக ஒலிக்கும். நீர் கூடக்கூடச் சுருதி இறங்கி, நிறைந்த பாட்டிலில் மிகக் கட்டையாகும். கால் அளவு நீரில் வேறுபாடு சிறிதுதான், காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். இங்கே அதிர்வது கண்ணாடியும் அதை ஒட்டிய நீரும். நீர் சேரச் சேர அசைக்க வேண்டிய சுமை கூடுகிறது, ஆகவே அதிர்வு மெதுவாகிறது. ஜலதரங்கம் வாசிப்பவர்கள் பீங்கான் கிண்ணங்களில் ஓரிரு கரண்டி நீரைச் சேர்த்துச் சுருதியை இறக்குவதும், எடுத்து ஏற்றுவதும் இந்த வழியில்தான்.

இப்போது பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அதே பாட்டில்களின் வாய் விளிம்பில் கீழுதட்டை ஒட்டி, வாய்க்குக் குறுக்கே ஊதுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். ஊதுவதற்கு முன் எது கீச்சாக ஒலிக்கும் என்று குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். எழுதிய பிறகு ஊதினால், காலி பாட்டில் கப்பல் சங்குபோலக் கட்டையாகவும், நிறைந்த பாட்டில் கீச்சாகவும் ஒலிக்கும். வரிசை முழுதும் தலைகீழாகிவிட்டது! எங்கள் வகுப்பில் முதல் முறை இதைச் செய்தபோது, நான் தட்டும் சோதனையின் விடையையே ஊதும் சோதனைக்கும் கரும்பலகையில் எழுதிவிட்டேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, "டீச்சர், எனக்கு மாத்தி கேக்குது" என்றாள். அவள் காதுதான் சரி, என் கரும்பலகை தவறு.

இரண்டு விடைகளும் உண்மை, ஏனெனில் அதிரும் பொருள் வேறு. தட்டும்போது கண்ணாடியும் நீரும் அதிர்கின்றன. ஊதும்போது நீருக்கு மேலே உள்ள காற்று அதிர்கிறது. நீர் கூடினால் காற்றுக்கு இடம் குறைகிறது, குறைந்த காற்று விரைந்து அதிர்ந்து கீச்சாகிறது. தெருக்கூத்தில் முகவீணை கீச்சென்று ஒலிப்பதும், அதைவிட நீண்ட நாதசுரம் கட்டையாக ஒலிப்பதும் இந்தக் கணக்கில்தான் அடங்கும்.

பயிற்சி

நாளைக் காலை குழாயடியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, குடம் நிரம்பிவிட்டது என்று தோன்றும்போது கையைத் தூக்குங்கள். தண்ணீர் எந்த அளவில் இருந்தது என்பதைத் தம்பியோ தங்கையோ விரற்கடையால் அளந்து சொல்லட்டும். நிரம்ப நிரம்ப ஒலி ஏறியதா, இறங்கியதா? அப்போது அதிர்ந்தது எது? பிறகு நிரம்பிய எவர்சில்வர் குடத்தையும் காலிக் குடத்தையும் விரல்முட்டியால் தட்டி, எது கட்டையாக ஒலிக்கிறது என்று எழுதிவாருங்கள்.