வெள்ளவத்தைக் கடை: காலையில் திறப்பதும் இரவில் பூட்டுவதும்

தம்பி, முதல் இரண்டு வாரமும் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். மனப்பாடமாகத் தெரிந்தாலும் வரிசையை மாற்ற வேண்டாம். உங்களுக்கு லீவு என்றால் அன்றைக்கு நானோ அக்காவோ இதே வரிசையில்தான் செய்வோம்.

காலை (6.30க்கு வர வேண்டும், 7.00க்கு வியாபாரம்)

1. திறப்பை வெளியே எடுக்க முன்னம் மூன்று பூட்டையும் பாருங்கள். ஒன்று உடைந்திருந்தாலோ, ஷட்டர் தூக்கியிருந்தாலோ, எதையும் தொடவேண்டாம், உள்ளே போகவும் வேண்டாம். எதிர்ப்பக்கம் நின்று எனக்கு அழையுங்கள். நான் எடுக்காவிட்டால் 119.

2. இடது, வலது, நடுப்பூட்டு என்று திறந்து, மூன்றையும் திறப்போடு கல்லாப் பக்கத்து ஆணியில் மாட்டுங்கள். கடல் காற்றுக்குப் பூட்டு சீக்கிரம் துருப்பிடிக்கும். இறுக்கமாக இருந்தால் திறப்பை முறுக்காமல் எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள்.

3. லைட்டைப் போட்டதும் பிரிட்ஜில் உள்ள வெப்பமானியைப் பாருங்கள். பால் பிரிட்ஜ் 4 பாகை அல்லது அதற்குக் கீழே, ஐஸ்கிரீம் பெட்டி −18. இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். பால் பிரிட்ஜ் 8க்கு மேலே காட்டினால் நான் வரும்வரை பாலும் தயிரும் விற்க வேண்டாம்.

4. கல்லாவை எண்ணுங்கள். எப்போதும் 8,000 ரூபாய் இருக்கும்: 500 தாள் 4, 100 தாள் 30, 50 தாள் 20, 20 தாள் 50, குற்றி 10 ரூபாய் 60, 5 ரூபாய் 60, 2 ரூபாய் 50. காலையில் 5,000 தாளோடு ஒரு பாண் வாங்க வருவார்கள், அதனால்தான் இவ்வளவு சில்லறை.

எண்ணி, தொகையை எழுதி, கையெழுத்து வைத்த பிறகே முதல் வியாபாரம். ஆள் காத்திருந்தால் "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லுங்கள். முன்பு இங்கே நின்ற பிள்ளை ஒரு நாள் எண்ணாமல் தொடங்கினான். இரவு 1,200 ரூபாய் குறைந்தது. முதல் நாள் இரவே குறைந்ததா, அன்று பகல் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனாலும் அந்தப் பேச்சு அவனை நோகடித்தது. உங்கள் கையெழுத்து உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

5. பாண் தட்டையும் பேப்பர் கட்டையும் எண்ணி, வந்த துண்டோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் கொண்டுவந்தவர் நிற்கும்போதே சொல்ல வேண்டும். அவர் போன பிறகு சொல்லிப் பயனில்லை.

6. வாசலைக் கூட்டி, வெங்காயக் கூடை, வாழைக்குலை, தும்புத்தடி எல்லாம் வெளியே வையுங்கள். நடைபாதையை மறிக்காமல் படிக்கு உள்ளேயே இருக்கட்டும். சாமிப்படத்துக்கு விளக்கேற்ற விருப்பமில்லை என்றால் விடலாம், நான் வந்து ஏற்றுவேன்.

இரவு (9.00க்கு வியாபாரம் முடியும்)

7. 8.45க்கு வெளிச் சாமானை உள்ளே எடுங்கள். 9.00க்கு ஷட்டரைப் பாதி இறக்குங்கள். உள்ளே நிற்பவர்களை அவசரப்படுத்தாதீர்கள், புதிதாக யாரையும் எடுக்காதீர்கள். பால்மா கேட்டு வரும் தாய்மாருக்கு மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

8. கார்ட் மெஷினில் செட்டில்மென்ட் போட்டு, வரும் துண்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். இதை மறந்தால் காசு வங்கிக்கு வரப் பிந்தும்.

9. கல்லாவில் முதலில் நாளைக்குரிய 8,000 ரூபாயை மேலே சொன்ன கணக்கில் பிரித்து லாச்சியில் வையுங்கள். பிறகு மிச்சத்தை எண்ணுங்கள். எண்ணிய காசு, கார்ட் துண்டு, கடன் கொப்பியில் இன்று எழுதியது, இந்த மூன்றையும் கூட்டினால் பில் மெஷின் காட்டும் மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஒருமுறை திரும்ப எண்ணுங்கள். அப்புறமும் வித்தியாசம் இருந்தால் அப்படியே எழுதுங்கள். சொந்தக் காசைப் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். அப்படிச் செய்தால் தவறு எங்கே என்று எனக்குத் தெரியாமலே போகும். காசை உறையில் போட்டு ஒட்டுங்கள், 9.20க்கு நான் வந்து வாங்குவேன்.

10. விற்காத பேப்பரைக் கட்டி வையுங்கள். உக்கும் குப்பை வேறு, பிளாஸ்டிக் வேறு. பிரிட்ஜின் கீழ்த்தட்டுத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், அதில் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

11. சாமி விளக்கும் ஊதுபத்தியும் முழுதாக அணைந்ததா என்று கிட்டப் போய்ப் பாருங்கள்.

12. சுவிட்ச். சிவப்பு நாடா ஒட்டிய இரண்டையும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக்கூடாது, அவை பிரிட்ஜுக்குரியவை. மெயினையும் தொடக்கூடாது. ஒரு வெள்ளி இரவு மெயினை நிறுத்திவிட்டுப் போனதில், சனி காலை ஐஸ்கிரீம் முழுவதும் தண்ணீர், பாலும் கெட்டிருந்தது. மற்ற சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

13. ஷட்டரைத் தரைவரை இறக்கி, நடு, வலது, இடது என்று பூட்டுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை இழுத்துப் பாருங்கள். பூட்டுகள் தெரியும்படி ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

திறப்பு உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும். "அண்ணன் வாங்கி வரச் சொன்னார்" என்று யார் வந்து கேட்டாலும், தெரிந்த முகமாக இருந்தாலும், முதலில் எனக்கு அழையுங்கள். நான் ஒருநாளும் ஆள் அனுப்பித் திறப்பு வாங்க மாட்டேன்.