யோகேஸ்வரிக்கான என் பரிந்துரை

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்த காலத்தில் யோகேஸ்வரி எனக்கு உதவி டீமேக்கராக வேலை செய்தார். நான் இப்போது கொழும்பில் தேயிலை பொதியிடும் நிறுவனமொன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். அவரோ தனிப் பொறுப்பில் ஒரு தொழிற்சாலையை நடத்தும் வேலையைத் தேடுகிறார். அவரை வேலைக்கு எடுக்க நினைப்பவர்களுக்காகவும், அவருக்கு நன்றி சொல்வதற்காகவும் இதை எழுதுகிறேன்.

திறமைசாலி, நேர்மையானவர், கடின உழைப்பாளி என்று எழுதினால் உங்களுக்கு ஒன்றும் தெரிய வராது. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதனால் 2022 மார்ச் மாதக் கடைசியில் நடந்த ஒரே ஒரு விடயத்தைச் சொல்கிறேன். தேயிலைத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதுவே போதும்.

அந்த மாதம் நாடு இருந்த நிலை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். டீசலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. முந்தைய வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததன் பாதிப்பு மலையில் தெளிவாகத் தெரிந்தது, கொழுந்து குறைந்திருந்தது. ரூபாயின் மதிப்பு விழுந்ததால் கொழும்பு ஏலத்தில் ரூபாய்க் கணக்கில் விலை ஏறிக்கொண்டிருந்தது. அதோடு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை எங்கள் திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல மணமும் ருசியும் கிடைக்கிற பருவம். அந்த நேரத்தில் ரோலர் இயந்திரத்தில் ஒரு தடவை போடுகிற கொழுந்தை வீணாக்கினாலே தோட்டத்துக்குத் தாங்காது.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். மலையிலிருந்து வரும் பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து வாட்டுவோம். அதற்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். வாடியதை ரோலரில் போட்டு முறுக்கியதும் இலை உடைந்து சாறு வெளியே வரும், காற்றுப் பட்டு நொதிக்கத் தொடங்கும், பச்சை நிறம் செம்பு நிறமாகும். சரியான பதத்தில் அதை ட்ரையருக்குள் அனுப்பிச் சூட்டில் நிறுத்திவிட வேண்டும். ரோலரிலிருந்து ட்ரையர் வரைக்கும் எங்கள் தொழிற்சாலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அது தவறினால் தேநீரில் புளிப்புத் தட்டும், நிறம் மங்கும். கொழும்பில் ஏலத் தரகரின் ஆள் ஒரு மிடறு குடித்தாலே கண்டுபிடித்துவிடுவார். ட்ரையர் அடுப்புக்கு விறகு போதும், ஆனால் சூட்டை உள்ளே தள்ளும் ஃபேனுக்குக் கரண்ட் வேண்டும். எங்கள் ஜெனரேட்டர் சின்னது. ட்ரையரையும் ரோலர்களையும் ஒரே நேரத்தில் இழுக்காது.

மின்வெட்டு தொடங்கிய நாட்களில் பல இடங்களிலும் நடந்தது ஒன்றுதான்: கரண்ட் வந்தவுடன் எல்லா ரோலரையும் ஓட்டுவது, போனவுடன் டீசலைத் தேடி ஓடுவது. யோகேஸ்வரி கணக்கைப் பின்பக்கத்திலிருந்து போட்டார். கையில் இருக்கும் டீசலுக்கு ட்ரையர் எவ்வளவு நேரம் ஓடும் என்று முதலில் பார்ப்பது. அந்த நேரத்தில் காய்ந்து முடியக்கூடிய அளவுக்கு மட்டுமே ரோலருக்கு ஏற்றுவது. கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பது அதற்கப்புறம்தான். வாடுகிற கொழுந்து காத்திருக்கும், காய்ந்த தேயிலையும் காத்திருக்கும், முறுக்கிய கொழுந்து மட்டும் காத்திருக்காது. இதை ஒரு தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ரோலர் அறைச் சுவரில் ஒட்டினார். டீசல் அளவு, அதற்கு எத்தனை ரோலர் என்று ஒரு சின்ன அட்டவணையும் அதன் கீழே இருந்தது. ஜெனரேட்டர் பார்க்கிற தம்பிக்கும் அது ஒரே பார்வையில் விளங்கியது.

நான் சொல்ல வந்த இரவு அதற்கப்புறம் வந்தது. நான் ஹட்டனில் டீசல் வரிசையில் நின்றேன். தொழிற்சாலை முழுக்க யோகேஸ்வரி பொறுப்பில். தொட்டிகளில் நான்கு ரோலருக்கான கொழுந்து வாடித் தயாராக இருந்தது. மின்வெட்டுப் பட்டியல்படி கரண்ட் வந்தது, விடியும்வரை இருக்கும் என்றும் பட்டியல் சொன்னது. ரோலர்காரர்கள், "கரண்ட் இருக்கும்போதே நாலையும் ஏத்திருவோம் மிஸ்" என்றார்கள். அதுவும் நியாயமான பேச்சுதான். வேலையை முடித்துவிட்டு லயத்து வீட்டுக்குப் போய் நான்கு மணி நேரமாவது தூங்க வேண்டும் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? விடிந்தால் புதுக் கொழுந்தும் வந்துவிடும்.

அவர் எனக்கு ஒரே ஒரு முறை போன் பண்ணினார். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னார். "சேர், டேங்கில இருக்கிற டீசலுக்கு ரெண்டு ரோலர்தான் காயும். ரெண்டு மட்டும் ஏத்துறேன். மிச்சத்தை மேல் மாடியில மெல்லிசா விரிச்சிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்." எங்கள் மேல் மாடி, ஃபேன் வருவதற்கு முன்னால் மலைக் காற்றிலேயே கொழுந்து வாட்டிய பழைய இடம். பல வருடமாக வெறும் சாமான் அறையாகக் கிடந்ததை, மின்வெட்டு தொடங்கிய வாரமே கூட்டித் துடைத்து வைத்திருந்தார்.

ரோலர் வேலை முடிந்து, இரண்டு ரோலர் கொழுந்தும் நொதித்துப் பாதி நிறம் மாறிய நேரத்தில், பட்டியலில் இல்லாமல் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள், ட்ரையர் ஓடியது, இரண்டும் பதம் தவறாமல் காய்ந்து இறங்கின. டேங்கில் அடி மட்டும்தான் மிச்சம். நான்கையும் ஏற்றியிருந்தால் இரண்டு ரோலர் கொழுந்து விடியும்போது குப்பைக்குப் போயிருக்கும். மேல் மாடியில் விரித்ததை, காலையில் நான் டீசலோடு வந்து சேர்ந்தபின் முறுக்கினோம்.

கரண்ட் போகும் என்று அவர் ஊகித்தார், ஊகம் பலித்தது என்று இதை வாசிக்க வேண்டாம். கரண்ட் போகாமல் இருந்திருந்தாலும் அந்த முடிவு சரிதான். இரண்டு ரோலர் சில மணி நேரம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான் இழப்பு. எந்தப் பக்கம் விழுந்தால் அடி குறைவு என்று பார்த்து முடிவெடுக்கிற இந்தப் பழக்கம் இருபது வருட அனுபவம் உள்ளவர்களிடமும் எளிதில் கிடைப்பதில்லை.

நான் அவரை அதிகமாக மதித்தது அடுத்த நாள் நடந்ததற்காக. இரவில் காய்ந்ததையும் காலையில் காய்ந்ததையும் அவர் ஒன்றாகக் கலக்க விடவில்லை. தனித்தனியாக வைத்து, இரண்டையும் கோப்பைகளில் ஊற்றி என்னையும் ருசி பார்க்கச் சொன்னார். பிறகு, மேல் மாடிக் கொழுந்து கொஞ்சம் அதிகமாக வாடிவிட்டது, நிறம் ஒரு படி குறைவு என்று அவரே சொல்லிப் பதிவேட்டிலும் எழுதினார். இராத்திரி பூராவும் கண்விழித்துக் காப்பாற்றிய கொழுந்து அது. யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். இரண்டையும் தனித்தனி இலக்கத்தில்தான் ஏலத்துக்கு அனுப்பினோம். தரகரின் அறிக்கையில் புளிப்பு என்று ஒரு சொல்கூட வரவில்லை.

அந்த வாரங்களில், காய்ந்த தேயிலையைச் சலிக்கும் பகுதிப் பெண்களை அவர் இராவில் கூப்பிட்டதே இல்லை என்பதையும் சேர்க்க வேண்டும். காய்ந்த தேயிலை காத்திருக்கும் என்ற அதே கணக்குத்தான். பகலில் கரண்ட் வருகிற இடைவெளிகளுக்கு ஏற்ப அவர்களுடைய நேரத்தை மாற்றி, முதல் நாள் மாலையே சொல்லிவிடுவார். பஸ் ஓடாத காலம். தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து பிள்ளைகளை விட்டுவிட்டு நடந்து வருகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்குத் தெரியும். அவரும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர், அம்மா கொழுந்து எடுத்தவர். அந்த மாதம் எங்கள் தொழிற்சாலையில் ஆள் வராமல் வேலை நின்ற நாளே இல்லை. அதற்குக் காரணம் நானல்ல.

வேலைக்கு எடுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கூட்டங்களில் யோகேஸ்வரி அதிகம் பேச மாட்டார். நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் யோசித்து, நிறுத்தித்தான் பதில் சொல்வார். அதை வைத்து அவரை எடை போட்டால் நட்டம் உங்களுக்கு. ட்ரையர் பக்கத்தில் நிற்க வைத்து, கையில் நொதித்த தூளைக் கொடுத்து, இன்னும் எத்தனை நிமிடம் என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய பதிவுக் குறிப்பேடுகளையும் கேளுங்கள். எந்த நாளில் எந்த டிவிஷன் கொழுந்து எப்படி வாடியது, மழையா வெயிலா, என்ன விலை போனது என்று எல்லாம் இருக்கும்.

தேயிலைத் தொழிற்சாலைகளில் பெண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள், ஆனால் சலிக்கிற இடத்தில். டீமேக்கர் நாற்காலியில் அபூர்வம். யோகேஸ்வரிக்கு அந்த நாற்காலியைக் கொடுக்கச் சொல்லி நான் கேட்பது பெண் என்பதற்காக அல்ல. எனக்குத் தெரிந்த உதவி டீமேக்கர்களில், நான் ஊரில் இல்லாத இரவில் தொழிற்சாலையை நம்பி ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வரிசையில் நின்றது இவரிடம் மட்டும்தான்.

யோகேஸ்வரி, அந்த மாதத்துச் சம்பள உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தேன், தோட்டம் இருந்த நிலையில் அது நடக்கவில்லை. முகத்துக்கு நேரே நன்றி சொல்லவும் அப்போது நேரம் அமையவில்லை. இப்போது எல்லாரும் பார்க்கிற இடத்தில் சொல்கிறேன்: அந்த இரவுக்கும், தனியாக வைத்த அந்த இரண்டாவது கோப்பைக்கும் மனமார்ந்த நன்றி.

இவரைப் பற்றி மேலும் விவரம் வேண்டுபவர்கள் இங்கேயே எனக்குச் செய்தி அனுப்பலாம். பெரிய தொழிற்சாலையோ சிறியதோ, முழுப் பொறுப்பையும் தயங்காமல் கொடுக்கலாம் என்றுதான் நான் சொல்வேன்.