செவ்வாய்க்கிழமை இரவு நீங்கள் போட்ட போனுக்கு நன்றி

அன்புள்ள கவிதா,

இந்தக் கடிதத்தை மூன்று ஷிப்ட் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஒரு நகல் உங்கள் பணிக்கோப்புக்கும் போகிறது. நேரில் ஏற்கனவே நன்றி சொல்லிவிட்டேன், ஆனால் அது வாய்வார்த்தை. அன்று இரவு என்ன நடந்தது, அதில் என் பங்கு என்ன என்பது எழுத்தில் இருக்க வேண்டும். முக்கியமாக என் பங்கு.

தெரியாதவர்களுக்காக முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் எண் ரியாக்டரின் உள்ளே கலக்கியின் தாங்கியில் விரிசல். புதன் காலை 6 மணிக்கு நான்கு பேர் உள்ளே இறங்கி வெல்டிங் போடுவதாகத் திட்டம். ஷட்டவுன் ஏற்கனவே ஒன்றரை நாள் பின்தங்கியிருந்தது. ரியாக்டருக்கு வரும் ஆறு குழாய்களில் ஐந்தில் பிளைண்ட் தகடு போட்டாகிவிட்டது. ஆறாவது, அடிப்பக்கம் வரும் நைட்ரஜன் லைன். அதன் பிளாஞ்ச் போல்ட்டுகள் துருப்பிடித்துக் கிடந்தன. அந்த அளவுக்குத் தகடும் ஸ்டோரில் இல்லை. "வால்வை மூடிப் பூட்டுப் போட்டு டேக் மாட்டினால் போதும்" என்று சொன்னது நான். பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டதும் நான்.

அன்று இரவு 11 மணிக்கு ஷிப்ட் மாறி வந்த நீங்கள் அந்தப் பெர்மிட்டைப் படித்தீர்கள். படித்தீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் பெர்மிட்டில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறோம். அப்புறம் பழைய லாக் புத்தகத்தைத் தேடி எடுத்திருக்கிறீர்கள். எட்டு நாளைக்கு முன்பு உங்கள் கையெழுத்தில் ஒரே வரி: "ரியாக்டர் 3, நைட்ரஜன் வால்வு மூடிய பிறகும் பிரஷர் முள் மெதுவாக ஏறுகிறது." அதை நானும் பார்த்து டிக் போட்டிருக்கிறேன். பார்த்ததாக நினைவே இல்லை.

11.50க்கு எனக்குப் போன் வந்தது. தூக்கத்தில் எடுத்தேன். "காலையில பார்த்துக்கலாம்மா" என்றேன். "காலையில ஆறு மணிக்கு ஆள் இறங்கிடுவாங்க சார்" என்றீர்கள். "வால்வு பாஸ் ஆகுதுன்னு உறுதியா தெரியுமா?" என்று கேட்டேன். கேட்டது தகவலுக்காக இல்லை, உங்களை வாயடைக்கத்தான். என் குரலில் இருந்த எரிச்சல் உங்களுக்குக் கேட்டிருக்கும். நீங்கள் சொன்ன பதில்: "தெரியாது சார். அதனாலதான் கூப்பிட்டேன்."

அந்த எரிச்சலுக்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் போன் போட்டிருப்பேனா என்று பலமுறை யோசித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டவர் உங்களைவிட இருபது வருடம் மூத்தவர். வேலை பின்தங்கிக் கிடக்கிறது. கையில் ஆதாரம் என்று பார்த்தால் பழைய லாக்கில் ஒரு வரி. நீங்கள் சொன்னது தப்பாகப் போனால், நடுராத்திரியில் எல்லோரையும் எழுப்பி வேலையைக் கெடுத்தவர் என்ற பேர் மட்டும்தான் மிஞ்சும். இருபத்தைந்து வயதில் நானாக இருந்தால், காலையில் யாராவது கவனித்துக்கொள்வார்கள் என்று விட்டிருப்பேன். அதுதான் உண்மை.

நான் வந்து சேர 12.40 ஆனது. மாலையில் கேஸ் டெஸ்ட் எடுத்தபோது ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது, மீட்டரை மேன்ஹோல் வாயருகே பிடித்திருந்தார்கள், 20.9 சதவீதம் ஆக்சிஜன் என்று குறித்திருந்தார்கள். நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்றில் இருப்பதும் அதே அளவுதான். அந்தத் தாளைக் காட்டி, "இதோ பாருங்க, சரியாத்தானே இருக்கு" என்றுகூடச் சொன்னேன். நீங்கள் வாதாடவில்லை. மீட்டரின் உறிஞ்சு குழாயை ஒரு நீளக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தீர்கள். ப்ளோயரை இரவுக்காக நிறுத்தி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வாயருகே 20.7. குழாயை நடு உயரம் வரை இறக்கி, காற்று மீட்டருக்கு வந்து சேரும்வரை காத்திருந்தோம். 18.4. 19.5க்குக் கீழே போனாலே உள்ளே இறங்கக் கூடாது என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். மீட்டர் கத்த ஆரம்பித்தது. அதைக் கையில் வைத்திருந்த நீங்கள் அலாரத்தை அமர்த்திவிட்டு மேலும் இறக்கினீர்கள். அடியில், நான்கு பேரும் முட்டி போட்டு உட்கார்ந்து வெல்டிங் போட வேண்டிய இடத்தில், 12.9.

அங்கே நின்ற மூன்று பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நைட்ரஜனைப் பற்றி வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் மனதில் நிற்பதில்லை, அதனால் திரும்பவும் எழுதுகிறேன். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. மூச்சு முட்டுகிற உணர்வு நமக்கு வருவது கரியமில வாயு உடம்பில் சேர்வதால்தான், ஆக்சிஜன் குறைவதால் அல்ல. நைட்ரஜன் நிறைந்த இடத்தில் மூச்சு இயல்பாகவே போய்வரும், எச்சரிக்கை என்று எதுவும் இருக்காது. 13 சதவீதத்தில் ஆள் உடனே விழுந்துவிட மாட்டார். தலை லேசாகும், புத்தி மழுங்கும், வெளியே ஏற வேண்டும் என்றே தோன்றாது. 6 சதவீதத்துக்கும் கீழே போனால் நினைவு தப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம் மேலே மேன்ஹோலில் காவலுக்கு நிற்பவர் என்ன செய்வார்? சகா விழுந்ததைப் பார்த்ததும் உள்ளே குதிப்பார். அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நயோஷ் என்ற அமைப்பு 1986இல் விட்ட எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று இருக்கிறது. நான்கு பேர் என்பது நான்கோடு நின்றிருக்காது.

காலையில் ப்ளோயரைப் போட்டிருந்தால் எல்லாம் சுத்தமாகியிருக்கும், இது தேவையில்லாத கலாட்டா என்று சிலர் பேசிக்கொள்வது என் காதுக்கு வந்தது. கணக்கு சரிதான், ப்ளோயர் ஓடும் வரைக்கும். புதன்கிழமை காலை 9.20க்கு அந்தப் பகுதியில் மின்சாரம் ட்ரிப் ஆகி 12 நிமிடம் கழித்து வந்ததே, யாருக்காவது நினைவிருக்கிறதா? பழைய திட்டப்படி அந்த நேரத்தில் நான்கு பேரும் அடியில் இருந்திருப்பார்கள். வால்வு பாட்டுக்குக் கசிந்துகொண்டிருந்திருக்கும். இதற்கு மேல் நான் விளக்கப் போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பைப்பர் ஆல்பா கதையை வருடா வருடம் பாதுகாப்பு வகுப்பில் சொல்வது நான்தான். 1988 ஜூலை 6, வடகடலில் எண்ணெய் மேடை, 167 பேர் பலி. பழுது பார்க்கப் பாதுகாப்பு வால்வைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து மூடியிருந்தார்கள். அது கசியாத அளவுக்கு இறுக்கமாக இல்லை. வால்வைக் கழற்றிய விவரம் இருந்த பெர்மிட் இரவு ஷிப்ட்டின் கைக்கு வரவில்லை. அவர்கள் பம்பை ஓட்டினார்கள். இந்தக் கதையைப் படம் போட்டு, கேள்வி கேட்டு, தலையாட்ட வைத்துப் பாடம் எடுத்த அதே ஆள்தான் துருப்பிடித்த எட்டு போல்ட்டுக்குச் சோம்பல்பட்டு ஒற்றை வால்வை நம்பினேன். அன்று ஷிப்ட் மாறும்போது வால்வைப் பற்றி உங்களிடம் யாரும் வாய் திறக்கவில்லை. நீங்களாகத் தோண்டி எடுத்ததுதான்.

மீதி எல்லோரும் பார்த்தது. ஒர்க்‌ஷாப்பில் விடியற்காலை 4 மணிக்குத் தகடு வெட்டினார்கள், துருப்பிடித்த போல்ட்டுகளை அறுத்து எடுத்தார்கள், பிளைண்ட் போட்டு, ப்ளோயரை ஓட்டி, மூன்று உயரத்திலும் டெஸ்ட் எடுத்து, மதியம் 1 மணிக்கு ஆட்களை இறக்கினோம். ஏழு மணி நேரத் தாமதம். உற்பத்திப் பிரிவு விளக்கம் கேட்டது, என் கையெழுத்தில் நேர்ந்த தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தாமதக் கணக்கில் உங்கள் பெயர் எங்கும் இல்லை. இனியும் இருக்காது.

வெல்டிங் குழுவின் ஃபோர்மேன் பெரியவர் முதலில் கோபத்தில்தான் இருந்தார். ஆட்களை வரவழைத்துச் சும்மா உட்கார வைத்திருக்கிறீர்களே என்று என்னிடம் சத்தம் போட்டார். 12.9 என்று குறித்த தாளைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இதுல என் மருமவனும் இறங்குறதா இருந்துச்சு" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்டார். நீங்கள் அதற்குள் ஷிப்ட் முடிந்து போய்விட்டீர்கள். அவர் சார்பிலும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் போனால் மாறியவை இவை. கேஸ் டெஸ்ட் படிவத்தில் இனி மேல், நடு, அடி என்று மூன்று கட்டம். ஒன்று காலியாக இருந்தாலும் பெர்மிட் செல்லாது. நைட்ரஜன் லைனுக்கு வால்வு மட்டும் என்ற பேச்சே கிடையாது. பிளைண்ட் போட வேண்டும், அல்லது குழாயையே கழற்றிப் பிரித்து வைக்க வேண்டும். அடைப்புப் பட்டியலில் பராமரிப்புப் பிரிவோடு அந்த ஷிப்ட் ஆபரேட்டரும் கையெழுத்துப் போடுவார். போட மறுக்கவும் அவருக்கு உரிமை உண்டு, காரணம் நிரூபிக்கத் தேவையில்லை. கடைசி வரியைச் சேர்க்கத்தான் மேலிடத்தில் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது. "நிரூபிக்கத் தேவையில்லை என்றால் யார் வேண்டுமானாலும் நிறுத்துவார்களே" என்றார்கள். நிறுத்தட்டும் என்றேன்.

மற்ற ஷிப்ட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. "கவிதா வந்தா வேலை நிக்கும்" என்று கேலி பேசுவது ஒரு வாரமாக நடக்கிறது. சிரிப்புக்குத்தான் என்று தெரியும். ஆனால் அடுத்த முறை போன் போட வேண்டிய யாரோ ஒருவர் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம்.

கவிதா, அந்த வால்வைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தோம். இருக்கையில் நகத்தால் கீறினது போல ஒரே ஒரு கோடு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது. பெர்மிட் கொடுக்கும் மேசை மீது வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் எல்லோரும் எடுத்துப் பார்க்கட்டும். அடுத்த மாதப் பாதுகாப்பு வகுப்புக்கும் அது வேண்டும். இந்த முறை வகுப்பை நீங்கள் எடுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். மேடைப் பேச்செல்லாம் வேண்டாம், லாக் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் வால்வையும் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னால் போதும். நான் முதல் வரிசையில் உட்காருகிறேன். யோசித்துச் சொல்லுங்கள், கட்டாயம் இல்லை.

அன்புடன்,
சண்முகம்
பராமரிப்புப் பிரிவுப் பொறுப்பாளர்

பி.கு.: அன்று இரவு ரியாக்டர் மேல்தளத்தில் நீங்கள் விட்டுப்போன டார்ச் என் மேசை டிராயரில் இருக்கிறது. பேட்டரி தீர்ந்திருந்தது, மாற்றி வைத்திருக்கிறேன்.